இருட்டில் வைத்த செடி

உருளைக்கிழங்கு பொய் சொல்லாது. ரொட்டித் துண்டு பொய் சொல்லாது. ஒரு சொட்டு அயோடின் விட்டால் போதும். தேன் நிறத்தில் விழுந்த சொட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாகிவிடும். உள்ளே மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளரிக்காயில் விட்டால் பழுப்பாகவே கிடக்கும். வாயால் யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள், சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். மனிதர்களுக்கும் இப்படி ஒரு சொட்டு இருந்திருந்தால் ஊரில் பாதிக் கல்யாணம் நடந்திருக்காது. எனக்கு அந்தக் கவலை இல்லை. எனக்குக் கல்யாணமே நடக்கவில்லை.

பள்ளியில் எனக்கு அயோடின் டீச்சர் என்று பெயர். விரல் நுனிகள் எப்போதும் பழுப்பாக இருக்கும். உயிரியல் ஆய்வகம் கீழ்த்தளத்தில் கடைசி அறை. வெயில் எட்டிப் பார்க்காத வடக்குப் பக்கம். நாலு நீள மேசை, ஒரு மர அலமாரி, ஒரு எலும்புக்கூடு. நாள் முழுக்க நான் அதிகம் பேசுவது அந்த எலும்புக்கூட்டோடுதான். எதிர்த்துப் பேசாது, நல்ல குணம்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருடமும் இலைச் சோதனை உண்டு. வெயிலில் இலை மாவுச்சத்து தயாரிக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு முன்னால், இலையில் ஏற்கெனவே இருக்கும் சரக்கைக் காலி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை செம்பருத்தித் தொட்டியை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். ஒரு ராத்திரி போதாது. சனி, ஞாயிறு இரண்டு பகலும் இருட்டிலேயே கிடந்தால், செடி தன் சேமிப்பையெல்லாம் தின்று தீர்த்துவிடும். திங்கள் காலை ஓர் இலையைப் பறித்து, கொதிநீரில் முக்கி, பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த ஸ்பிரிட்டில் போட்டுப் பச்சையை இறக்குவோம். இலை வெளிறி, மொடமொடவென்று ஆகிவிடும். மறுபடி வெந்நீரில் நனைத்து மிருதுவாக்கி, வெள்ளைப் பீங்கான் ஓட்டில் விரித்து, ஆறியதும் அயோடின். பழுப்பாக நிற்க வேண்டும். "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல. இப்ப இதே செடிய வெயில்ல வைப்போம்" என்று பாடம் அங்கிருந்து தொடங்கும்.

இந்த வருடம் 'ஏ' பிரிவில் இலை பழுப்பாக நிற்கவில்லை. கருநீலமாகிவிட்டது. நண்பகல் இலை போல அடர்த்தி இல்லை, ஆனால் சந்தேகத்துக்கும் இடமில்லை.

"டீச்சர், ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்க?" என்றாள் முன்வரிசைக்காரி.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அயோடின் புட்டியை மாற்றினேன். அடுத்த வாரம் 'பி' பிரிவு. அன்று பார்த்துத் தலைமையாசிரியை பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். செடியை வெள்ளிக்கிழமையே அலமாரியில் வைத்துவிட்டேன் என்று பெருமையோடு சொல்லிவிட்டு அயோடினை விட்டேன். மறுபடியும் கருநீலம். தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது. நான் தண்ணீர் ஊற்றிய நினைவு இல்லை.

அந்த ஈரம்தான் என்னை உலுக்கியது. இலை பொய் சொல்லாது. அந்தச் செடி நேற்று வரைக்கும் வெயிலைப் பார்த்திருக்கிறது. அப்படியானால் நான் அதை அலமாரியில் வைக்கவில்லை. வெளியே எங்கோ வெயிலில் விட்டிருக்கிறேன், தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், திங்கள் காலை நானே உள்ளே எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றுமே எனக்கு நினைவில்லை.

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. துவைத்துக் காயப்போட்ட துணியை எடுத்து மறுபடி துவைத்தாள். நாங்கள் சிரித்தோம். பிறகு பால் அடுப்பில் இருப்பதை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள். கடைசி வருடங்களில் அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டிவிட்டது நான்தான். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க யாரும்மா? பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கறீங்களே" என்றாள். அவளுக்கு அது வந்தபோது என் வயதுதான். அவளுக்காவது நான் இருந்தேன். எனக்கு வந்தால், வந்திருக்கிறது என்று சொல்லக்கூட வீட்டில் ஆள் கிடையாது. தனியாக இருப்பவளுக்கு மறதி வந்தால் சாட்சி யார்?

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை என் தோளில் கை வைத்தார். அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கனிவாகப் பேசினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு டாக்டர பாத்துடுங்களேன். பிராக்டிகல் எல்லாம் வேணும்னா கெமிஸ்ட்ரி டீச்சர் பாத்துக்கட்டும்."

"செடிய நான் உள்ளதான் வச்சேன் மேடம்."

"வச்சிருப்பீங்க, வச்சிருப்பீங்க" என்றார். அம்மாவிடம் நான் பேசிய அதே குரல்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த வாரம் முழுக்க நான் பேயைத்தான் பார்த்தேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன். கேஸை மூடினேனா என்று எழுந்து எழுந்து போனேன். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்துக்கொண்டேன், சாப்பிட்டேன் என்பதற்கு அத்தாட்சியாக.

வியாழக்கிழமைதான் புத்தி வேலை செய்தது. சோதனை தப்பினால் என்ன செய்யச் சொல்வேன் பிள்ளைகளிடம்? சோதனையைச் சோதித்துப் பார் என்பேன். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் மட்டும் அழுதுகொண்டிருக்கலாமா?

வெள்ளிக்கிழமை மாலை, ஆய்வகத்திலிருந்த ஸ்டார்ச் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிப் பசை மாதிரி ஆக்கினேன். தொட்டியின் அடி விளிம்பில் சுற்றிலும் தடவினேன். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தொட்டியை எங்கே தூக்கி வைத்தாலும், மண்ணிலிருந்து கசியும் ஈரத்தில் இளகி, ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டுவிடும். அலமாரியை விட்டு அது நகராவிட்டால் அலமாரிப் பலகையில் மட்டும்தான் வட்டம். கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன்.

இப்போது எனக்கு ஒரு சாட்சி வேண்டும். பையை எடுத்துக்கொண்டு நேரே பஸ் ஏறித் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான் கிளம்பும்போது பள்ளி வாசலில் அன்றும் கணக்கு மாஸ்டர் என்னை முந்திக்கொண்டு பழுப்பு நிறப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். இந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு மாறி வந்தவர், மனைவியை இழந்தவர். தலைமையாசிரியை இருக்கும் தெருவில்தான் வாடகைக்கு இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆனால் போதும், மகன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். போகிற போக்கில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

"பேத்தி வழி பாத்துக்கிட்டே இருப்பா. லேட்டானா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவா."

கொடுத்து வைத்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், டிவி ஐந்தாவது ஆளாகப் பேசும். திடுதிப்பென்று வந்து நின்ற என்னைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள்.

"என்னக்கா, உடம்புக்கு ஏதாவதா?"

"ஏன், சும்மா வரக்கூடாதா?"

"நீயாவது சும்மா வர்றதாவது. கல்யாணத்துக்கே கூப்பிட்டாதான் வருவ."

இரண்டு நாளும் அவள் பின்னாலேயே அலைந்தேன். கிணற்றடியில் விளையாடும் பிள்ளையைப் பார்க்கிறவள் மாதிரி அவள் என்னைக் கண்காணிக்க ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"நான் எங்கயாவது வெளிய போனேனா?"

"எப்ப?"

"வந்ததுலருந்து."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இல்லக்கா. வாசப்படி தாண்டல நீ." பிறகு மெதுவாக, "அம்மா ஞாபகம் வருதா?" என்றாள்.

வெங்காயம் உரிப்பதில் ஒரு வசதி, யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

திங்கள்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, பிரேயர் மணிக்கு முன்னாலேயே ஆய்வகத்துக்கு வந்துவிட்டேன். அலமாரிக்குள் தொட்டி இருந்தது. வைத்த இடத்தில், வைத்தபடியே. மண் ஈரம். ஓர் இலையைப் பறித்தேன். கொதிநீர், ஸ்பிரிட், வெந்நீர். அயோடினை விட்டேன்.

பழுப்பு ஒரு கணம் யோசித்தது. பிறகு நரம்புகளின் இடையில் அங்கங்கே இருண்டு, பரவி, இலை முழுக்கக் கருநீலமாகிவிட்டது.

நான் சிரித்தேன். எலும்புக்கூட்டின் தோளைத் தட்டிச் சிரித்தேன். நான் ஊரிலேயே இல்லை. பார்த்தவள் இருக்கிறாள், சத்தியம் பண்ணுவாள். செடியை வெயிலில் வைத்தது நான் இல்லை. சோதனை தோற்று ஓர் ஆசிரியை இவ்வளவு சந்தோஷப்பட்டது எங்கேயும் நடந்திருக்காது.

சந்தோஷம் அடங்கியதும் கோபம் வந்தது. யார்? அயோடினை ஒரு தெளிப்பான் புட்டியில் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். வெயில் வேண்டும் என்றால் கிழக்குப் பக்கத்து மாடி அறைகள்தான். முதல் அறை ஜன்னல் திட்டில் தெளித்தேன், ஒன்றும் இல்லை. அடுத்ததில் பெரிதாகக் கருநீலம் பூத்தது. பிடித்துவிட்டேன் என்று குனிந்தால், யாரோ மைதா பசை காய்ச்சி அறிவிப்பு ஒட்டிய இடம். மூன்றாவது, பழைய முதலுதவி அறை. ஒரு இரும்புக் கட்டில், ஒரு மேசை. யாரும் அதைப் பயன்படுத்தி நாளாகிறது. ஜன்னல் திட்டில் தெளித்தேன்.

ஒரு வட்டம் எழுந்தது. தொட்டியின் அடி அளவே, காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி.

மேசையிலும் தெளித்தேன். அங்கே இன்னொரு வட்டம். அதற்கு எதிரே, நாற்காலிப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத பிஸ்கட் துகள்களெல்லாம் கருநீலப் புள்ளிகளாகத் தெரிந்தன. பார்த்தபடி நின்றேன். நாற்காலியில் ஒருவர். எதிரே தொட்டி. ஒருவர் உட்கார்ந்து பிஸ்கட் தின்றிருக்கிறார், எதிரில் செடியை உட்கார்த்தி வைத்துக்கொண்டு.

கட்டிலுக்கு அடியில் பழுப்பு நிறப் பை இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். கணக்கு மாஸ்டர். பையை எடுக்க வந்தவர், என்னையும் மேசையையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர் மறைக்க முயற்சிகூடச் செய்யவில்லை.

"சார், நீங்க மகன் வீட்டுக்கு..."

"போறதில்ல டீச்சர்." கதவைச் சாத்தினார். "ஆரம்பத்துல ரெண்டு மூணு வாரம் போனேன். அப்புறம் மருமக, 'மாமா, வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க'ன்னுச்சு. சரிதான, நியாயந்தான. போன் பண்ணினேன். இந்த வாரம் வேணாம்பா, அடுத்த வாரம் பாக்கலாம்னான் பையன். அந்த அடுத்த வாரம் வரவே இல்ல."

"அதுக்கு வீட்டுல இருக்க வேண்டியதுதான சார்? இங்க ஏன்?"

"தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே, வாராவாரம் பேத்தியப் பாக்கப் போறேன்னு. எதிர்வீட்டுலயே ஹெட்மிஸ்ட்ரஸ். வெளிய தலை காட்டினா 'போகலையா சார்?'னு கேப்பாங்க. ஒரு தடவை சொல்லலாம், உடம்பு சரியில்லைன்னு. எத்தன தடவ சொல்றது?" அவர் சிரித்தார். "வாட்ச்மேன் நல்லவர். கண்டும் காணாம விட்டுடுவார்."

எனக்குக் கோபம் மிச்சம் இருந்தது. அதை வீணாக்க மனமில்லை.

"என் செடிய ஏன் எடுத்தீங்க?"

"டீ போடலாம்னு வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கி உங்க லேப்ல தீப்பெட்டி தேடினேன். அலமாரியத் திறந்தா உள்ள செடி. ரெண்டு நாள் இருட்டுல ஒரு உசிரு. நீங்க..." அவர் தயங்கினார். "நீங்க மறந்துபோய் உள்ள வச்சுச் சாத்திட்டீங்கன்னு நினைச்சேன் டீச்சர். சொன்னா சங்கடப்படுவீங்க. அதான் சத்தமில்லாம எடுத்து வெயில்ல வச்சு, தண்ணி ஊத்தி, திங்கக்கிழமை பழையபடி வச்சுடுவேன். அடுத்த வாரமும் மறந்திருந்தீங்க. பாவம், வயசாகுது, தனியா இருக்காங்கன்னு..."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்காகப் பரிதாபப்பட்டு, என் மறதியை மூடி மறைக்க, ஒரு மனிதர் வாராவாரம் செய்த உதவிதான் எனக்கு மறதியைக் கொண்டுவந்து சேர்த்தது.

"நான் மறக்கல சார்" என்றேன். "இருட்டுல வைக்கணும்னுதான் வச்சேன். அது பாடம்."

இலைக்குள் இருக்கும் மாவுச்சத்தைப் பற்றி, அது இருட்டில் தீர்வதைப் பற்றி, அயோடின் காட்டிக்கொடுப்பதைப் பற்றி, பிறகு அம்மாவைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். கணக்கு மாஸ்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது, ஸ்பிரிட்டில் போட்ட இலை மாதிரி.

"ஐயையோ" என்றார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்கக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

'சி' பிரிவுக்கு அன்று இலைச் சோதனை நடத்தவில்லை. உருளைக்கிழங்கோடு முடித்துக்கொண்டேன். அது தலைமையாசிரியையின் காதுக்குப் போய், மாலையில் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரத்துலருந்து கெமிஸ்ட்ரி டீச்சர்கிட்ட லேபக் குடுத்துடலாம் டீச்சர். நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

என் வாயில் எல்லாம் தயாராக இருந்தது. செடியை எடுத்தது யார், எந்த அறை, எந்த மேசை. ஒரு தெளிப்பான் போதும், வட்டத்தையே காட்டிவிடலாம். ஒரு நிமிடத்தில் என் புத்தி எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

"மேடம், அது வந்து..."

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க" என்று அவர் முந்திக்கொண்டார். "நீங்க தனியா இருக்கறதுதான் பிரச்சனை. நம்ம கணக்கு சாரப் பாருங்க, எங்க எதிர்வீடுதான். அவரும் தனி ஆள்தான். ஆனா வாராவாரம் மகன் வீட்டுக்கு ஓடிடறார். பேத்தி பேத்தின்னு எவ்வளவு சந்தோஷமா இருக்கார்! மனுஷனுக்கு மனுஷங்க வேணும் டீச்சர்."

பாம்பு என்று அடிக்கவும் முடியாமல், பழுதை என்று தாண்டவும் முடியாமல் நின்றேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் அந்தப் பேத்தியை நான் கொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வழி பார்த்திருக்கும் அந்தக் குழந்தை, அவருக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

"டாக்டரப் பாத்துடறேன் மேடம்" என்றேன். "அடுத்த திங்கக்கிழமை மட்டும் ஒரு வாய்ப்பு குடுங்க. நீங்களும் வாங்க. தப்பினா லேப் சாவிய நானே குடுத்துடறேன்."

டாக்டரிடம் போனேன். ஏதோ கேள்விகள் கேட்டார், படம் வரையச் சொன்னார், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் வாயால்தானே சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு செம்பருத்தித் தொட்டிகளைத் தயார் செய்தேன். ஒன்றை அலமாரியில் வைத்துக் கதவில் பெரிதாக ஒட்டினேன்: இந்தச் செடி இருட்டில்தான் இருக்க வேண்டும். மற்றதை மாடிக்குத் தூக்கிப்போய் முதலுதவி அறை ஜன்னல் திட்டில் வைத்தேன். கணக்கு மாஸ்டர் வாசலில் எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், பஸ் நேரம் கேட்பவள் மாதிரி மெதுவாகச் சொன்னேன்.

"இருட்டுல இருக்கறது மாதிரியே வெயில்ல இருக்கற செடியும் ஒண்ணு எனக்கு வேணும் சார். ஒப்பிட்டுப் பாக்க. மேல வச்சிருக்கேன். தண்ணி ஊத்திப் பாத்துக்க ஆள் இல்ல." கையில் கறுப்புத் தாளையும் இரண்டு கிளிப்பையும் வைத்தேன். "ஒரே ஒரு இலையில மட்டும், கீழயும் மேலயும் இதால மூடிடுங்க. கொஞ்சம் இடம் திறந்திருக்கணும். திங்கக்கிழமை வரைக்கும் எடுக்காதீங்க."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "பேத்தி வழி பாத்துக்கிட்டிருப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். பள்ளி மாடிக்குப் போய் ஒரு டம்ளர் டீ கொடுத்துவிட்டு வரலாமா என்று செருப்பு வரைக்கும் போனேன். போகவில்லை. நான் அந்த அறைக்குள் போனால் அவர் மகன் வீட்டில் இருப்பது நின்றுவிடும்.

திங்கள்கிழமை மூன்றாவது பீரியடு. தலைமையாசிரியை பின்வரிசையில், கெமிஸ்ட்ரி டீச்சர் பக்கத்தில். சாவி என் மேசை மேல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. மாடி ஜன்னலில் காலை வெயில் முழுக்கக் குடித்த தொட்டியை அப்போதுதான் கீழே இறக்கி வந்திருந்தேன்.

முதலில் அலமாரிச் செடியின் இலை. அயோடினை விட்டேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பழுப்பு. கொஞ்சம் பொறுத்தோம். பழுப்பாகவே நின்றது. வெள்ளரிக்காய் மாதிரி, சமர்த்தாக.

"ஒண்ணுமே இல்ல டீச்சர்!" என்று வகுப்பு கத்தியது. இவ்வளவு இனிப்பான ஒன்றுமில்லையை நான் கேட்டதே இல்லை.

அடுத்தது வெயில் செடி. மூடிய இலையைப் பறித்துக் கிளிப்பைக் கழற்றினேன். மேல் தாளில் ஏதோ பிளேடு வெட்டு தெரிந்தது. நல்ல தாளைக் கொடுத்தால் கிழித்து வைத்திருக்கிறாரே மனிதர், என்று மனதுக்குள் திட்டினேன். கொதிநீர், ஸ்பிரிட், வெந்நீர். வெளிறிய இலையை ஓட்டில் விரித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, இலை முழுக்கப் படும்படி அயோடினை விட்டேன்.

மூடியிருந்த பகுதி பழுப்பாகவே கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு கோடு இருண்டது. கீழே கொஞ்சம் இறங்கி, மடங்கி, மேலே நீளமாக ஏறியது. பேனா மை மாதிரிக் கருநீலம். விடைத்தாள் ஓரத்தில் கணக்கு மாஸ்டர்கள் போடுவார்களே, அந்தக் குறி.

"டீச்சர், டிக் மார்க்!" முன்வரிசைக்காரி துள்ளினாள். "இலையில யாரு டிக் போட்டது?"

"வெயில்" என்றேன்.

வகுப்பு கலைந்ததும், டாக்டர் சீட்டை முன்பே வாங்கிப் பார்த்திருந்த தலைமையாசிரியை சாவியை எடுத்து என் கையில் வைத்து மூடினார். "பாத்தீங்களா, மாத்திரை வேலை செய்யுது. நான் சொன்னேன்ல?"

"ஆமா மேடம்" என்றேன். ஒரு ஆமா சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது? அவருக்கு நான் மாத்திரையில் ஓடுகிற வண்டி. இருந்துவிட்டுப் போகட்டும்.

கணக்கு மாஸ்டரும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. வராந்தாவில் எதிரே வந்தார். நான் நின்றேன், அவரும் நின்றார். "வெயில் ஜாஸ்திதான் இன்னைக்கு" என்றார். "ஆமா சார்" என்றேன். வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு, பேத்தியைச் சொல்லிக்கொண்டு வாசல் வழியாகப் போனார். செம்பருத்தியை நான் மாடியிலேயே விட்டு வைத்திருந்தேன்.

இன்று சனிக்கிழமை. வீட்டில் சத்தமில்லை. ஃப்ரிட்ஜ் அவ்வப்போது செருமிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த இலையை ஒரு சாஸரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தபோது குறி வெளுத்துப் போயிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, அயோடின் காற்றோடு போய்விடும். மாவுச்சத்து எங்கேயும் போகாது.

மதியம் மாத்திரை போட்டேனா என்று சந்தேகம் வந்தது. எப்படி யோசித்தும் நினைவு வரவில்லை. கேட்க ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். பள்ளி மாடியிலும் இதே வெயில்தான் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே ஒருவர் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

சாஸரை இழுத்து வைத்து, இலையின் மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். கொஞ்ச நேரம் பழுப்பாகக் கிடந்தது. பிறகு அந்தக் கோடு மெதுவாக இறங்கி, மடங்கி, மேலே ஏறியது. சரி.